பதினொரு சிவப்பு வட்டம்

ஆகஸ்ட் 4, 2024, ஞாயிறு

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்குக் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். இடது மணிக்கட்டு முறிந்தது. இடுப்பு பிடித்துக்கொண்டதால் எழ முடியவில்லை. பதினொரு மணிக்குப் புளிக்குழம்பு கொண்டுவந்த சொர்ணம் பார்க்கும்வரை ஈரத்தரையிலேயே கிடந்தேன். நாலரை மணி நேரம்.

சொர்ணம், 2011இல் செத்துப்போன என் மனைவி தெய்வானையின் தங்கை. இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். வாரத்தில் ஒரு நாள் குழம்பும் மீதி நாட்களுக்குத் திட்டும் கொண்டுவருவாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு ஃபாரத்தை நீட்டினாள். நெருங்கிய உறவு என்று ஒரு கட்டம்.

"பிள்ளைங்க இருக்காங்களாய்யா?"

"இல்லை" என்றேன்.

"ஒரு பொண்ணு இருக்கா தாயி" என்றாள் சொர்ணம். "நம்பர்தான் இவருக்குத் தெரியாது."

நர்ஸ் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கட்டத்தில் ஒரு கோடு போட்டாள். மாவுக்கட்டு போடும்போதுகூட அவ்வளவு வலிக்கவில்லை. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பொன்செல்விக்குக் கடிதம் எழுதலாம் என்று இருக்கிறேன். என் ஒரே மகள். 2005இல் இம்மானுவேல் என்ற பையனைக் கட்டிக்கொண்டு போனாள். பத்தொன்பது வருஷம். காரணம் என்ன என்று யாராவது கேட்டால் பயம் என்றுதான் சொல்வேன். திடீரென்று பாசம் பொங்கியது என்று எழுதினால் பொய்.

என் பழைய சாக்குக் குடோனுக்குப் போனேன். பருப்பு மில்லிலிருந்து நானூறு பழைய சாக்கு வந்திருக்கிறது. பாதிக்கு மேல் எலி கடித்தது. ஒற்றைக் கையால் தரம் பிரிக்க முடியவில்லை, உட்கார்ந்து ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். சாக்கை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடிக்க வேண்டும். ஓட்டை இருந்தால் அந்த இடம் நட்சத்திரம் மாதிரி மின்னும். கையால் தடவினால் தெரியாது. பதினாறு வயதில் தெருத்தெருவாகச் சாக்குப் பொறுக்கியபோது நானே கண்டுபிடித்த முறை. இன்று விருதுநகரில் எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

ஆகஸ்ட் 8, வியாழன்

சொர்ணத்திடம் விலாசம் கேட்டேன். அவளிடம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

"கோயம்புத்தூர்ல டீச்சரா இருக்கா. கணக்கு டீச்சர்" என்றாள். "நீங்க காலேஜுக்கு அனுப்பலைன்னா படிக்க முடியாதா? தபால்ல படிச்சா. உங்களுக்கு ஒரு பேத்தி இருக்கா அத்தான், எட்டாவது படிக்கிறா. அதையாவது கேப்பீங்கன்னு பதிமூணு வருஷமா பாக்குறேன்."

"பேர் என்ன?"

"அதை அவகிட்ட கேளுங்க."

விலாசம் தருவதற்கு ஒரு நிபந்தனை போட்டாள். கடிதத்தை முதலில் அவள் படிப்பாளாம். சரி என்றேன். ஆள் தெரியாத ஊருக்குச் சரக்கு அனுப்பும்போது அங்கே உள்ளவர்களைக் கேட்டுக்கொள்வது நல்லதுதான்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

காலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுதினேன். ஒன்றரைப் பக்கம். எழுதியதிலிருந்து சில வரிகளை இங்கே நகல் எடுத்து வைக்கிறேன்.

"உன் நன்மைக்காகவே கண்டிப்பாக இருந்தேன். சில சமயம் அளவு மீறியிருக்கலாம். ஆனால் அந்தக் காலத்தில் எல்லா அப்பாக்களும் அப்படித்தான். நான் ஒன்றுமில்லாமல் வந்தவன், எனக்குப் பக்குவம் சொல்லித்தர யாரும் இல்லை. உன் மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறேன். உன் அம்மாவின் கடைசி நாட்களில் நீ வராததையும் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. பழையதை மறப்போம். இந்த வீட்டை உன் பெயருக்கு எழுதப் பத்திரம் தயார் செய்திருக்கிறேன், நகல் இணைத்துள்ளேன்."

சொர்ணம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே படித்தாள்.

"இது மன்னிப்புக் கடிதமா, கொட்டேஷனா அத்தான்?"

"ஏன், வருந்துகிறேன்னு போட்டிருக்கேன்ல?"

"புண்பட்டிருந்தால்னு போட்டிருக்கீங்க. படலைன்னா வருத்தம் வாபஸா?"

அவள் தாளின் கீழ்ப்பக்கத்தில் விரலை வைத்தாள்.

"இந்த வரி. அக்கா சாகக் கிடந்தப்ப அவ வரலைன்னு. இது இருக்கணுமா?"

"வரலைதானே."

"நீங்க சொன்னது ஒண்ணு, அவ சொன்னது ஒண்ணு. ரெண்டுல எதுன்னு நான் உங்ககிட்ட இதுவரைக்கும் கேட்டதில்லை. கேட்டா இந்த வாசலை மிதிக்க முடியாதுன்னு தெரியும். நான் மிதிக்கலைன்னா நீங்க குளியலறையில செத்திருப்பீங்க." கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டாள். "அனுப்புங்க. அனுப்பிப் பாருங்க."

விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். குழம்புப் பாத்திரத்தை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டாள்.

அந்த வரியை எடுக்கவில்லை. முதலிலேயே முழுச் சரக்கையும் காட்டுகிறவன் வியாபாரி இல்லை. குறைவாகச் சொல்லிப் பார்ப்போம், படியாவிட்டால் ஏறுவோம். இப்படித்தான் ஐம்பத்தெட்டு வருஷமாக எல்லாவற்றையும் முடித்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு. தபால் ஆபீஸில் கூட்டம் இல்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. கையெழுத்து போட்டிருக்கிறாள். முன்பு அ. பொன்செல்வி என்று போடுவாள், அய்யாத்துரை மகள். இப்போது தெ. பொன்செல்வி.

வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பெயரின் முதலெழுத்து. புருஷன் பெயரைக்கூடப் போடவில்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

பதில் வந்தது. பதில் என்று சொல்ல முடியாது. என் கடிதமே திரும்பி வந்திருக்கிறது, பத்திர நகலோடு.

கடிதத்தில் சிவப்பு மையால் வட்டங்கள். எண்ணினேன், பதினொன்று. 'உன் நன்மைக்காகவே'யைச் சுற்றி ஒன்று. 'இருக்கலாம்' ஒன்று. 'ஆனால்' ஒன்று. 'அந்தக் காலத்தில்' ஒன்று. 'எல்லா அப்பாக்களும்' ஒன்று. 'யாரும் இல்லை' ஒன்று. 'புண்பட்டிருந்தால்' ஒன்று. 'மறப்போம்' ஒன்று. பத்திரம் பற்றிய வரி முழுக்க ஒரு நீள வட்டம். பத்தாவதும் பதினொன்றாவதும் ஒரே வரியில், ஒன்றின் மேல் ஒன்றாக, தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி: அம்மாவின் கடைசி நாட்களில் நீ வராததையும்.

பின்பக்கத்தில் அவள் கையெழுத்து, கரும்பலகையில் எழுதுவது மாதிரி தெளிவாக:

"நீங்க சாக்குப் பார்க்கிற மாதிரி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். ஓட்டைகளைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறேன். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தது பற்றி எனக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. கேட்க வேண்டியது இரண்டுதான். அம்மா என்னைக் கேட்டாங்களா? நீங்க அவங்ககிட்ட என்ன சொன்னீங்க? இதற்குப் பதில் இல்லாமல் இனி எதுவும் எழுத வேண்டாம்."

சாப்பிடவில்லை. மில்காரர் மூன்று தடவை போன் செய்தார், எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

சாக்கு முன்னூறு தையலுக்குப் போனது. மழை வரும் போலிருந்தது, வரவில்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

சொர்ணம் வந்தாள். சிவப்பு வட்டங்களைக் காட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பின்பக்கத்தைத் திருப்பிப் படித்தாள். என் முகத்தைப் பார்க்காமலே மடித்து வைத்தாள்.

"பதில் எழுதப் போறீங்களா?"

"எழுதினா அவ்வளவுதான். அதோட முடிஞ்சது."

இதைச் சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. சொர்ணம் எழுந்து அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். அங்கிருந்தே பேசினாள்.

"அப்ப ஏதோ இருக்கு."

"சொர்ணம்."

"எங்கிட்ட சொல்லாதீங்க அத்தான். கேட்டது அவ. முதல்ல அவளுக்குச் சொல்லுங்க. அதுக்கப்புறம் எனக்கு எப்படியும் தெரியும். அப்ப நான் குழம்பு கொண்டாருவேனா மாட்டேனான்னு அன்னைக்குப் பாத்துக்கலாம்."

செப்டம்பர் 8, ஞாயிறு

ஒரு வாரம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு வழி. ஆமாம், கேட்டாள், உன் நம்பர் எங்களிடம் இல்லை என்று எழுதலாம். தெய்வானை வந்து மறுக்கப் போவதில்லை. பொன்செல்வி நம்பினாலும் நம்பலாம். வந்தாலும் வரலாம். ஃபாரத்தில் அந்தக் கோடு இருக்காது.

உண்மையை எழுதினால் அவள் வரமாட்டாள். இது எனக்கு நிச்சயம். நானாக இருந்தால் வரமாட்டேன்.

பெட்டகத்தைத் திறந்தேன். பத்திரங்களுக்குக் கீழே அந்தத் துண்டுச் சீட்டு அப்படியே இருக்கிறது. பல்பொடி டப்பாவோடு வந்த அட்டையின் பின்பக்கம், தெய்வானை கையெழுத்தில் பத்து எண்கள். மணிபர்ஸில் ஒளித்து வைத்திருந்தாள். நம்பர் தெரியாது என்று ஆஸ்பத்திரியில் சொர்ணம் சொன்னபோது நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் இதைக் கிழித்துப் போடவில்லை என்று தெரியவில்லை. அவள் கையால் எழுதியது என்று வேறு எதுவும் வீட்டில் இல்லை.

செப்டம்பர் 12, வியாழன்

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு தடவையும் எழுதி முடித்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறேன். 'அன்றைய மனநிலையில்' என்று ஒரு சொல் எப்படியாவது உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அடித்தால் 'நானும் ஒரு மனிதன்தானே' என்று வேறு இடத்தில் முளைக்கிறது. காரணம் சொல்லாமல் ஒரு பக்கம் எழுத எனக்கு வரவில்லை. இவ்வளவு காலம் எழுதின வியாபாரக் கடிதம் எதிலும் தப்பு என் பக்கம் என்று ஒரு வரி இருந்ததில்லை. லாரி லேட், மழை, ஆள் வரவில்லை. ஏதாவது ஒன்று இருக்கும்.

மாவுக்கட்டு பிரித்தார்கள். கை சூம்பிப்போயிருக்கிறது.

செப்டம்பர் 16, திங்கள்

எழுதிவிட்டேன். முழுதும் இங்கே நகல் எடுக்கிறேன். அங்கே போனபின் மாற்றிச் சொல்ல எனக்கு வழி இருக்கக் கூடாது.

"பொன்செல்விக்கு,

அம்மா உன்னைக் கேட்டாள். மதுரை ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தாள். ஆறாம் நாள் காலை மணிபர்ஸிலிருந்து இத்துடன் உள்ள சீட்டை எடுத்துக் கொடுத்து, செல்வியை வரச்சொல்லுங்க என்றாள். நான் போனை எடுத்துக்கொண்டு வெளியே டீக்கடைக்குப் போனேன். டீ குடித்தேன். நம்பரை அழுத்தவில்லை. திரும்பி வந்து, பேசினேன், வரமாட்டேன் என்கிறாள் என்று சொன்னேன்.

அம்மா பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் பிழைத்து வந்தபின் உன் பேச்சை வீட்டில் எடுக்காமல் இருப்பாள் என்றும் நினைத்தேன். அதற்காகத்தான் சொன்னேன்.

அம்மா சொன்னது: அவ கோபம் நியாயம்தான், அவளைத் திட்டாதீங்க. அதற்குப் பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. ஒன்பதாம் நாள் இறந்தாள். நீ வர மறுத்தாய் என்று நம்பித்தான் இறந்தாள். உன்மேல் அவளுக்குக் கோபம் இல்லை.

யாரோ உனக்குச் சொல்லி, நீ அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தாய். மதியம் ஒரு மணிக்கே எடுக்கச் சொன்னவன் நான். உன் மாமன்மார் இருவரும் நீ வருவாயா என்று கேட்டார்கள். கூப்பிட்டும் வரவில்லை என்றேன். கேட்டில் நின்ற உன்னிடம் முடிந்துவிட்டது, போ என்றேன்.

நீ எட்டாவது படிக்கும்போது மில்லிலிருந்து நாற்பது சாக்கு ஓட்டை என்று திரும்பி வந்தது. நீ தரம் பார்த்தது என்று சொல்லி, கிழிந்த சாக்கை உன் தலையில் கவிழ்த்து, தையல்காரப் பெண்கள் முன்னால் மதியம்வரை நிற்க வைத்தேன். அந்த நாற்பதும் நீ பார்த்தது இல்லை. முந்தின நாள் வெளிச்சம் இறங்கிய நேரத்தில் நான் பார்த்தது. உன்னை நிறுத்தும்போதே எனக்குத் தெரியும்.

பன்னிரண்டாம் வகுப்பில் ஆயிரத்துக்கு மேல் வாங்கினாய். காலேஜ் ஃபாரத்தைக் கிழித்தேன். கணக்கில் போன ஆறு மார்க்கைப் பற்றி மட்டும் கேட்டேன்.

மரஸ்கேலால் அடித்தது எத்தனை தடவை என்று எனக்கு எண்ணிக்கை இல்லை. உனக்கு இருக்கும்.

வீடு, பத்திரம் எதுவும் இதில் இல்லை. நான் எதுவும் கேட்கவில்லை.

அய்யாத்துரை"

அப்பா என்று எழுதி, அடித்து, பெயரை எழுதினேன். சீட்டைக் கடிதத்துக்குள் வைத்தேன். எடுத்தேன். அதை வைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது. திரும்ப வைத்து ஒட்டிவிட்டேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

தபாலில் சேர்த்தேன். வரும் வழியில் குடோனில் உட்கார்ந்தேன். அவளை நிறுத்திய இடத்தில் இப்போது எடைமேடை இருக்கிறது.

செப்டம்பர் 25, புதன்

ஒப்புகை அட்டை வந்தது. அதே கையெழுத்து.

அக்டோபர் 10, வியாழன்

ஒன்றும் இல்லை.

அக்டோபர் 19, சனி

ஒன்றும் இல்லை. பிளாஸ்டிக் சாக்குக்காரன் ஒருவன் குடோனை விலைக்குக் கேட்டான். பிறகு பார்க்கலாம் என்றேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

சொர்ணத்துக்குப் பொன்செல்வி போன் செய்திருக்கிறாள். கடிதத்தை வாசித்துக் காட்டினாளாம், கடைசிவரை, ஒரே மூச்சில். 

இதைச் சொல்லத்தான் சொர்ணம் வந்தாள். வாசலில் நின்றே சொன்னாள். உள்ளே வரவில்லை, பாத்திரமும் கொண்டுவரவில்லை.

"அப்ப செல்வி நம்பர் எங்கிட்ட இல்லை. நான் அந்த ஆறாம் நாள் மதியம் அக்காவுக்குக் கஞ்சி கொண்டுவந்தேன். ஏன்க்கா அழுறன்னு கேட்டேன். கண்ணுல தூசின்னா. உங்களைக் காட்டிக் கொடுக்கலை அத்தான். அவளைப் பத்தியும் ஒரு குறை சொல்லலை."

"சொர்ணம், உள்ள வா."

"அவ உங்களுக்கு எழுதுறாளாம். என்ன எழுதினாலும் பேரம் பேசிக்கிட்டு நிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிப் போய்விட்டாள்.

நவம்பர் 4, திங்கள்

கடிதம் வந்தது. அரைப் பக்கம். வட்டம் எதுவும் இல்லை. மன்னித்தேன் என்ற சொல்லும் இல்லை, மன்னிக்கவில்லை என்ற சொல்லும் இல்லை. முதல் நிபந்தனை: அம்மாவின் நினைவு நாளில் படையலுக்கு மாமன்மார் இருவரும் வருவார்கள். அவர்கள் முன்னால், சொர்ணம் சித்தி முன்னால், வாயால் சொல்ல வேண்டும். "பதிமூன்று வருஷமாகப் பெத்த தாய் சாகக் கிடந்தும் வராதவள் என்று அவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் என்னைப் பேசுகிறார்கள். ஒரு பத்திரிகைகூட வந்ததில்லை. அதை நீங்கள்தான் எடுக்க முடியும்." மற்ற நிபந்தனைகள் இது நடந்தபின்தான்.

நவம்பர் 14, வியாழன்

தெய்வானையின் நினைவு நாள். இலை போட்டாகிவிட்டது. மூத்த மைத்துனர் குருசாமிக்கு எழுபத்தெட்டு வயது, பிடித்துத்தான் உட்காரவைத்தோம். இளையவர் தங்கையா பாயசம் வாசனையாக இருக்கிறதே என்றார். சொர்ணம் சுவரோரம் நின்றாள்.

சாப்பிடும் முன்னால் ஒரு விஷயம் என்று ஆரம்பித்தேன். கடிதத்தில் எழுதிய அதே வரிசையில் சொன்னேன். சீட்டு, டீக்கடை, சுவர்ப்பக்கம் திரும்பியது.  

தங்கையா இலையை விட்டு எழுந்தார். "மச்சான், எம் மகன் கல்யாணத்துக்கு அந்தப் புள்ளைக்குப் பத்திரிகை வைக்கக் கூடாதுன்னு சொன்னவன் நான். எம் பொண்டாட்டி அழுதா, வைக்கலாம்னு. உங்க பேச்சை நம்பி அவளை அறைஞ்சேன்." அவ்வளவுதான் சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

குருசாமி எழ முடியாமல் உட்கார்ந்திருந்தார். அன்று தெய்வானை கண்ணில் தூசி என்று சமாளித்ததைச் சொர்ணம் அவரிடம் சொன்னாள். இலையில் இருந்த சோற்றை விரலால் ஓரமாக ஒதுக்கிக்கொண்டே இருந்தார். "எந்தங்கச்சி தூசின்னு சொன்னாளா" என்று சொர்ணத்திடம் இரண்டு தடவை கேட்டார். சொர்ணம் அவரை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போனாள்.

ஐந்து இலை. ஒன்றிலும் யாரும் கை நனைக்கவில்லை. நானே எடுத்து மடித்து மாட்டுக்குப் போட்டேன்.

நவம்பர் 20, புதன்

மணிக்கட்டைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதே நர்ஸ். பழைய ஃபாரத்தை எடுத்துத் தரச் சொன்னேன்.

காலையில் பொன்செல்வியின் கடிதம் வந்திருந்தது. தங்கையா மாமா கோயம்புத்தூருக்கே போய் அவள் வாசலில் நின்றாராம். அதை ஒரு வரியில் எழுதிவிட்டு மீதி நிபந்தனைகளை வரிசையாகப் போட்டிருக்கிறாள். ஒன்றையும் குறைத்துக் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் சரி என்று தபால் கார்டு போட்டுவிட்டேன்.

முடிவானது இது. மாதம் ஒரு கடிதம் நான் எழுதலாம், ஒரு பக்கத்துக்கு மேல் கூடாது. பதில் வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அம்மாவின் இரும்புப் பெட்டியை உள்ளே இருப்பதோடு அப்படியே லாரியில் அனுப்ப வேண்டும். வீடு சொர்ணம் சித்தி பெயருக்கு. பேத்தியின் பெயரை நான் யாரிடமும் கேட்கக் கூடாது. சொல்ல வேண்டும் என்று பேத்திக்குத் தோன்றினால் அவளே எழுதுவாள். நெருங்கிய உறவு என்ற கட்டத்தில் பொன்செல்வியின் நம்பரை எழுதிக்கொள்ளலாம். ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டால் எடுப்பாள். வருவாளா என்பதை அன்றைக்குச் சொல்வாள்.